யார் மேஜையிலும் நிற்காத இன்டென்ட், ஏன் மூன்று வாரம்?

*கேள்வி:* நான் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். பொருள் கேட்டு இன்டென்ட் போட்ட நாளிலிருந்து சப்ளையருக்குப் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., வெளியே போக மூன்று வாரம் ஆகிறது. ஏழு கையெழுத்து. தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விதிமுறைகளைப் பார்த்து ஒரு ஃப்ளோ சார்ட் போட்டேன், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் "என்னிடம் ரெண்டு நாளுக்கு மேல் நிற்காது" என்கிறார்கள். சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

*பதில்:*

முதலில் ஒன்று, அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ரெண்டு நாள் என்றால் ஏழு பேருக்கு பதினான்கு நாள் ஆகிவிட்டது. நடுவில் வரும் விடுமுறை, ஒரு தடவை திருப்பி அனுப்பியது, கமிட்டி கூடும் நாளுக்காகக் காத்திருந்தது என்று சேர்த்தால் மூன்று வாரம் தானாக வந்துவிடும். அதனால் "யார் மேஜையில் நிற்கிறது" என்று கேட்டுக்கொண்டு போனால் உங்களுக்குக் கடைசிவரை பதில் கிடைக்காது. கேட்கப்படுகிறவர்கள் கொஞ்சம் முறைப்பார்கள், அவ்வளவுதான் மிச்சம்.

நீங்கள் போட்ட ஃப்ளோ சார்ட் விதிமுறை சொல்லும் பாதை. காகிதம் நடந்த பாதை வேறு. சார்ட்டில் அம்புக்குறி எல்லாம் முன்னோக்கித்தான் போகும், ஆனால் நிஜத்தில் இன்டென்ட் பின்னாலும் வரும், பக்கவாட்டில் ஒருவரிடம் "சும்மா பார்த்துச் சொல்லுங்கள்" என்று போகும், ஒரு ட்ரேயில் படுத்துத் தூங்கும். சார்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்த இன்டென்ட்டுகளில் கடைசி 25-ஐ எடுங்கள்.

கடைசி 25 என்றால் வரிசையாக 25. பொறுக்கி எடுக்கக் கூடாது. பொறுக்கினால் கை தானாக மோசமானவற்றுக்குத்தான் போகும், அப்புறம் கூட்டத்தில் ஒருவர் "இது விதிவிலக்கு" என்று சொல்லி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார். அவசரக் கொள்முதல், பாதியில் ரத்தானது, பொருள் வந்து பில்லும் வந்த பிறகு பின்தேதியில் போட்ட பி.ஓ., இவையும் அந்த வரிசையில் வந்தால் அப்படியே இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதற்குத் தனியாக ஒரு குறி போட்டு வையுங்கள். பின்தேதி பி.ஓ. எத்தனை இருக்கிறதோ, அத்தனை தடவை ஆட்கள் உங்கள் வழிமுறையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை நாள் தாமதம் என்பதைவிட எனக்கு அந்த எண்ணிக்கைதான் அதிகக் கவலை தரும்.

ஒவ்வொரு இன்டென்ட்டுக்கும், அது கை மாறிய ஒவ்வொரு முறைக்கும் எக்ஸெலில் ஒரு வரி. எங்கே போனது, என்று வந்தது, என்று கிளம்பியது, உண்மையில் வேலை செய்ய எத்தனை நிமிடம், முன்னே போனதா திரும்பி வந்ததா, திரும்பியது என்றால் ஏன். இவ்வளவு போதும். ஒரே இடத்துக்கு ரெண்டாம் தடவை போனால் ரெண்டு வரியாகவே எழுதுங்கள், சேர்த்துவிடாதீர்கள், கதையே அங்கேதான் இருக்கிறது. நாட்களை காலண்டர் நாளாகவே கணக்கிடுங்கள். வேலை நாள் மட்டும் என்று கழித்துப் பார்த்தால் எண் அழகாகத் தெரியும், ஆனால் நின்றுபோன இயந்திரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

தேதிகள் எங்கே கிடைக்கும்? கையெழுத்துக்குக் கீழே போட்ட தேதி, இன்வர்ட் ரிஜிஸ்டர், மெயில், சில சமயம் கோட்டேஷன் மேல் குத்திய சீல். கையெழுத்துத் தேதி என்பது கிளம்பிய தேதி மட்டும்தான், வந்த தேதி பல இடங்களில் இருக்காது. அப்போது முந்தைய மேஜையிலிருந்து கிளம்பிய நாளையே வந்த நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் டெஸ்பாட்ச் பையன் கையில் இருந்த நேரம் அதில் கலந்துவிடும், பரவாயில்லை.

தேதியே இல்லாத மேஜைக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் கணித ரீதியாக நிரூபித்த ஓர் எளிய உறவு: வரிசையில் இருக்கும் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். நிதிப் பிரிவு ட்ரேயில் 24 இன்டென்ட் கிடக்கிறது, நாளுக்கு 8 வெளியே போகிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 3 நாள் அங்கே இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், தினமும் ஒரே நேரத்தில் ட்ரேயை எண்ணினால் போதும், ரெண்டு வாரம் எண்ணுங்கள். ட்ரே நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போகும் நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது, உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

இனி ஒரு நிஜ இன்டென்ட்டைப் பார்ப்போம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்தபோது வரைந்தது இது. பம்பில் கசிவைத் தடுக்கும் ஒரு மெக்கானிக்கல் சீல். புதிய பொருள் இல்லை, சப்ளையரும் பழையவர், கோட்டேஷன் இணைத்தே இருந்தது. ஒரு திங்கட்கிழமை இன்டென்ட் போட்டார்கள். பிரிவுத் தலைவரிடம் 2 நாள். ஸ்டோர்ஸில் 'இருப்பு இல்லை' என்று சீல் வாங்க 1 நாள். நிதிப் பிரிவில் 4 நாள், அதில் ஒரு ஞாயிறு. அடுத்த திங்களன்று அங்கிருந்து திருப்பினார்கள், காரணம், செலவு எந்தப் பிரிவின் கணக்கில் சேரும் என்று காட்டும் காஸ்ட் சென்டர் கோடு எழுதவில்லை. இன்டென்ட் போட்டவர் கையில் 2 நாள், அவர் ஷிஃப்டில் இருந்தார். கோடு எழுதியதும் படிவத்தில் திருத்தம் வந்துவிட்டதே என்று மறுபடி பிரிவுத் தலைவர் 1 நாள், மறுபடி ஸ்டோர்ஸ் 1 நாள், மறுபடி நிதி 1 நாள். இப்போது சனிக்கிழமை. பர்ச்சேஸ் கமிட்டி வியாழன்தோறும் கூடும், அதற்கு 5 நாள். ஜி.எம். 2 நாள். எம்.டி. வெளியூர், 4 நாள். மொத்தம் 23 நாள்.

இதில் வேலை நடந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். பிரிவுத் தலைவர் ரெண்டு தடவையும் சேர்த்து 7 நிமிடம், ஸ்டோர்ஸ் 12, நிதி 25, கோடு எழுத 5, கமிட்டியில் 4, ஜி.எம். 3, எம்.டி. 1. கூட்டினால் 57 நிமிடம். இருபத்து மூன்று நாளில் ஒரு மணி நேரம் கூட இல்லை. வேலை நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான், "ஆட்கள் வேகமாகக் கையெழுத்துப் போட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எல்லோரும் ரெண்டு மடங்கு வேகமாக வேலை செய்திருந்தால் மொத்தத்தில் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள், இது எங்களுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. நிதிப் பிரிவு திருப்பியதால் ஏற்பட்ட சுற்று 5 நாள்தான். ஆனால் இழந்தது 7 நாள். கமிட்டிக்கான பட்டியல் செவ்வாய்க்கிழமை மூடிவிடும். முதல் தடவையே கோடு சரியாக இருந்திருந்தால் அந்தத் திங்களன்றே நிதியைத் தாண்டி, அதே வார வியாழன் கமிட்டியில் ஏறியிருக்கும். ஐந்து நாள் பிந்தியதால் பஸ்ஸை விட்டுவிட்டது, அடுத்த பஸ் ஒரு வாரம் கழித்து. இப்படி ஒன்றின் தாமதம் இன்னொன்றின் கால அட்டவணையில் மாட்டிப் பெரிதாவது எந்தத் தனி மேஜையின் கணக்கிலும் வராது. இன்டென்ட் கூடவே நடந்து போனால்தான் தெரியும்.

25-ஐயும் இப்படி வரைந்தபோது 11 இன்டென்ட் குறைந்தது ஒரு தடவையாவது திரும்பியிருந்தது. அதில் 8 அதே காஸ்ட் சென்டர் கோடு. ரெண்டு, பாகத்தின் எண்ணோ அளவோ முழுதாக இல்லை. ஒன்றுதான் வேடிக்கை: காத்திருந்த காலத்தில் கோட்டேஷனின் செல்லுபடி நாள் முடிந்து போய்விட்டது என்று திருப்பியிருந்தார்கள், அதாவது தாமதம் தன் பங்குக்கு இன்னொரு தாமதத்தைப் பெற்றுப் போட்டிருந்தது.

ஏன் எட்டுப் பேர் கோடு எழுதவில்லை? அலட்சியம் என்றுதான் நிதிப் பிரிவில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கோடு பட்டியல் நிதிப் பிரிவு அறையில் ஒரு ஃபைலுக்குள் இருந்தது, பட்டறையில் இருப்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? மெயின்டனன்ஸ் ஆட்களுக்குத் தேவைப்படும் கோடுகள் மொத்தமே ஆறு. அந்த ஆறையும் படிவத்தின் பின்பக்கம் அச்சடித்தோம். கூடவே ஒரு சின்ன விதி: பொருள், அளவு, தொகை மூன்றில் ஒன்று மாறினால்தான் மறுபடி முதலிலிருந்து கையெழுத்து, மற்ற எந்தத் திருத்தமும் திருப்பியவரிடமே நேராகப் போய்ச் சேரும். இதற்கு யார் அதிகாரத்தையும் குறைக்க வேண்டியிருக்கவில்லை, அதனால் யாரும் சண்டைக்கும் வரவில்லை. நீங்களும் இங்கேதான் தொடங்க வேண்டும். திரும்பி வருவதை நாம் சிறிதாக நினைக்கிறோம். மூன்று இடங்களில் சரிபார்ப்பு இருந்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எண்பது திருப்பாமல் போகிறது என்று வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 0.8-ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.51. அதாவது பாதிதான் ஒரு தடவையும் திரும்பாமல் கடைசி வரை போகும்.

கமிட்டி விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. வாரம் ஒரு தடவை கூடினால், எப்போது வேண்டுமானாலும் வந்து சேரும் இன்டென்ட் சராசரியாக மூன்றரை நாள் காத்திருக்கும். பட்டியலை ரெண்டு நாள் முன்பே மூடினால் அது ஐந்தரை. யாராவது "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்றால் முழுசாக ஏழு நாள் கூடுகிறது. உறுப்பினர்கள் எவ்வளவு திறமைசாலிகள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காலண்டரின் வேலை இது. பட்டியலை ஏன் ரெண்டு நாள் முன்பே மூடுகிறார்கள் என்று விசாரித்ததில், ஒரு காலத்தில் பட்டியலை டைப் அடித்து நகலெடுத்து விநியோகிக்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. டைப் அடித்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அந்த ரெண்டு நாள் மட்டும் போகவில்லை. உங்கள் இடத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், தேடுங்கள்.

சரி, கையெழுத்துகள். இது கொஞ்சம் நாசூக்கான இடம், ஏனென்றால் கையெழுத்து என்பது பலருக்கு மரியாதை. "உங்கள் கையெழுத்து தேவையா?" என்று கேட்டால் உலகத்தில் எவரும் தேவையில்லை என்று சொல்லமாட்டார். அதைக் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இன்டென்ட் கையில் வந்ததும் எதைப் பார்க்கிறீர்கள்? எது இருந்தால் 'முடியாது' என்பீர்கள்? கடைசியாக எப்போது அப்படிச் சொன்னீர்கள்? பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எங்கள் ஜி.எம். நேர்மையான மனிதர். "நிதிப் பிரிவு பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் போடுகிறேன்" என்றார். நிதிப் பிரிவில் கேட்டால், "பொருள் தேவையா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும், அதை ஜி.எம். பார்ப்பார், நான் பட்ஜெட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்." கீழே இருப்பவர் மேலே பார்ப்பார்கள் என்று போடுகிறார், மேலே இருப்பவர் கீழே பார்த்திருப்பார்கள் என்று போடுகிறார். ஏழு கையெழுத்துக்கு நடுவில் 'இந்தப் பொருள் நமக்கு வேண்டுமா' என்ற கேள்வியைப் பிரிவுத் தலைவரைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்து கூடக்கூடக் கட்டுப்பாடு கூடும் என்று நினைத்துத்தான் சேர்த்திருப்பார்கள், நடந்தது நேர் எதிர்.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் ஒரு இன்டென்ட்டைக் கூட நிராகரித்ததில்லை என்பதால் மட்டும் அவர் கையெழுத்து வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் பார்ப்பார் என்று தெரிந்துதான் கீழே இருப்பவர்கள் ஒழுங்காக எழுதி அனுப்பலாம். நான் பயன்படுத்தும் உரைகல் வேறு: மற்ற யாரும் பார்க்காத ஒன்றை இவர் பார்க்கிறாரா, பார்ப்பதற்கான தகவல் இவர் கையில் இருக்கிறதா? ரெண்டுக்கும் ஆம் என்றால் கையெழுத்து இருக்கட்டும். தகவல் வேண்டும், முடிவு அவருடையது இல்லை என்றால் கையெழுத்தை எடுத்துவிட்டு நகல் மட்டும் அனுப்புங்கள். வாரக் கடைசியில் ஒரு பட்டியலாகப் போனால் போதும், பி.ஓ. அவருக்காகக் காத்திருக்காது. ஸ்டோர்ஸ் சீல் இந்த வகையில் இன்னொரு மாதிரி. இருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியமான வேலை, ஆனால் அதற்கு இன்டென்ட் அங்கே பயணம் போக வேண்டியதில்லை. இருப்புப் பட்டியல் கணினியில் சரியாக இருந்தால் இன்டென்ட் போடுபவரே பார்த்து எண்ணை எழுதிவிடலாம். சரியாக இல்லை என்றால், மன்னிக்கவும், நீங்கள் முதலில் சரி செய்ய வேண்டியது அதைத்தான்.

ஒரு கையெழுத்தை எடுக்கும் முன் அது எப்போது வந்தது என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். பெரும்பாலும் பின்னால் ஒரு சம்பவம் இருக்கும். யாரோ வேண்டாத பொருளை வாங்கிவிட்டார், தணிக்கையில் மாட்டியது, அதற்கு மருந்தாக ஒரு கையெழுத்து சேர்ந்தது. அந்தச் சம்பவம் இன்று மறுபடி நடந்தால் வேறு எங்காவது பிடிபடுமா என்று பாருங்கள். பிடிபடும் என்றால் தைரியமாக எடுக்கலாம், இல்லை என்றால் அந்தப் பழைய மனிதர்கள் முட்டாள்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுங்கள்.

தொட்டுப் பார்க்கவே கூடாத சில உண்டு. பொருளைக் கேட்பவர், ஒப்புதல் தருபவர், வந்த பொருளைப் பெற்றுக்கொள்பவர், பணம் கொடுப்பவர், இந்த வேலைகள் ஒரே ஆள் கையில் சேரக் கூடாது. புதிய சப்ளையரைப் பதிவு செய்வதும், இருக்கும் சப்ளையரின் வங்கிக் கணக்கை மாற்றுவதும் வாங்குகிறவர் கையில் இருக்கக் கூடாது. கணக்கு மாற்றம் கேட்டு மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு இல்லாமல் உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் பேசி உறுதி செய்ய வேண்டும். பி.ஓ., பொருள் வரவுச் சீட்டு, பில் மூன்றும் பொருந்தினால்தான் பணம். இவற்றால் வரும் தாமதத்தைக் குறைக்க வழி தேடுங்கள், ஆனால் படியையே எடுக்காதீர்கள். உள் தணிக்கையாளரை ஆரம்பத்திலேயே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுங்கள். கடைசியில் கூப்பிட்டால் அவருக்கு 'முடியாது' என்று சொல்வதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அடுத்தது தொகை வரம்பு. ஒரு வருட இன்டென்ட்டுகளைப் பெரிய தொகையிலிருந்து சிறிய தொகை வரை வரிசைப்படுத்தி, பக்கத்தில் கூட்டிக்கொண்டே வாருங்கள். எக்ஸெலில் தொகை B நெடுவரிசையில், 2-ஆம் வரியிலிருந்து இருந்தால் இது போதும், கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=SUM(B$2:B2)/SUM(B:B)
```

மேலே எத்தனை இன்டென்ட் வரை போனால் மொத்தப் பணத்தில் பெரும்பங்கு அடங்கிவிடுகிறது என்று இது காட்டும். எங்களிடம் ஐந்தில் ஒரு பங்கு இன்டென்ட்டிலேயே 85 சதவீதப் பணம் முடிந்துவிட்டது. மீதி ஐந்தில் நான்கு பங்கு, அந்த மெக்கானிக்கல் சீல் உட்பட, மிச்சமிருந்த 15 சதவீதப் பணத்துக்காக எம்.டி. மேஜை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வரம்பு எங்கே விழ வேண்டும் என்பதை இப்படி உங்கள் எண்களே சொல்லட்டும். முன்னால் யாரோ உருண்டை எண்ணாக இருக்கட்டும் என்று வைத்த வரம்பு விலைவாசி ஏற ஏற அர்த்தம் இழந்துவிடும், அதை எவரும் திரும்பப் பார்ப்பதில்லை, அப்படியே வருடக்கணக்கில் நிற்கும்.

வரம்பு வைத்ததும் ஒரு தந்திரம் முளைக்கும். ஒரே கொள்முதலை ரெண்டாக உடைத்து, ரெண்டையும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே வைத்துப் போடுவார்கள். மாதம் ஒரு தடவை, ஒரே ஆள், ஒரே சப்ளையர், பத்து நாளுக்குள் ரெண்டு இன்டென்ட், ரெண்டும் வரம்புக்கு மிக அருகில், என்று ஃபில்டர் போட்டுப் பார்த்தால் சிக்கிவிடும். முன்கூட்டியே ஏழு பேரை நிறுத்தி வைப்பதைவிடப் பின்னால் ஒருவர் அரை மணி நேரம் பார்ப்பது எவ்வளவோ மேல். அப்படிப் பார்க்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிவித்தும் விடுங்கள்.

எம்.டி. ஊரில் இல்லாத அந்த நாலு நாளுக்கு, "48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளப்படும்" என்று ஒரு யோசனை எப்போதும் எழும். எனக்கு அது பிடிக்காது. பிறகு ஏதாவது தவறானால் 'நான் பார்க்கவே இல்லை' என்று ஒருவரும், 'நீங்கள் மறுக்கவில்லையே' என்று இன்னொருவரும் நிற்பார்கள். அதற்குப் பதில், 48 மணி நேரம் தாண்டினால் எழுத்துப்பூர்வமாக நியமிக்கப்பட்ட மாற்று ஆளுக்குப் போய்விடும் என்று வையுங்கள். யார், எந்தத் தொகை வரை, எந்தத் தேதி வரை என்பது ஆணையில் இருக்க வேண்டும். யாரோ ஒரு மனிதர் பார்த்துப் போட்டார் என்பது பதிவாகும்.

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதே வாங்கினால் ஏழு கையெழுத்தும் ஏழு பட்டனாக மாறும், வியாழக்கிழமைக்கான காத்திருப்பும் அப்படியே இருக்கும், காஸ்ட் சென்டர் கோடு இல்லை என்று ஒரு சிவப்பு எழுத்துச் செய்தி கூடுதலாக வரும். அதுமட்டும் இல்லை, இன்றைய பாதையைச் சாஃப்ட்வேருக்குள் கட்டிவிட்டால் பிறகு ஒரு படியை எடுக்க விற்றவர்களிடம் போய்க் கெஞ்ச வேண்டும். பாதையைக் குறைத்த பிறகு வாங்கினால் நல்லதுதான், வந்த நேரமும் கிளம்பிய நேரமும் தானாகப் பதிவாகும், நீங்கள் ட்ரே எண்ண வேண்டியதில்லை.

மாற்றம் செய்து ரெண்டு மாதம் கழித்து மறுபடி கடைசி 25-ஐ அதே முறையில் எடுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், ஒரே ஒரு இன்டென்ட் அறுபது நாள் இழுத்தால் சராசரி உளறும். நடு மதிப்பையும், பத்தில் ஒன்பது எத்தனை நாளுக்குள் முடிகிறது என்பதையும் பாருங்கள். மொத்த நாட்கள் D-இல் இருந்தால்:

```
=MEDIAN(D2:D26)
=PERCENTILE(D2:D26,0.9)
```

கூடவே அந்தப் பின்தேதி பி.ஓ. எண்ணிக்கையும், திரும்பிய இன்டென்ட் எண்ணிக்கையும். நாட்கள் குறைந்து பின்தேதி மட்டும் குறையவில்லை என்றால், ஆட்களுக்கு இன்னும் உங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை, அல்லது திட்டமிடுதலில் வேறு ஏதோ ஓட்டை இருக்கிறது.

வரைபடத்தை முதலில் யாருக்குக் காட்டுவது என்பதிலும் கவனம் தேவை. நேராக எம்.டி.யிடம் கொண்டு போகாதீர்கள். நீளமான காகிதத்தில் அந்த ஒரு இன்டென்ட்டின் 23 நாளையும் கோடாக வரைந்து, மேஜைகளுக்கு ஆள் பெயர் போடாமல் பிரிவுப் பெயர் மட்டும் போட்டு, அந்த ஏழு பேரையும் ஒரே நேரத்தில் அதன் முன் நிற்க வையுங்கள். எங்கள் இடத்தில் கோடு பட்டியலைப் படிவத்தின் பின்னால் அச்சடிக்கலாம் என்று சொன்னது நான் இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் நிதிப் பிரிவுக்காரரே சொன்னார். எம்.டி. கையெழுத்தைப் பற்றிய பேச்சைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குள் படிவமும் கமிட்டி பட்டியலும் மாறி ஒரு வாரமாவது குறைந்திருக்கும், அந்த எண்ணையும் தொகை வரிசையையும் ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போய், சிறிய தொகை இன்டென்ட்டுகளை மாத இறுதியில் பட்டியலாகப் பார்த்துக்கொள்ள அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.